பூட்டி வச்சிருக்காங்க போல

கேள்வி: ஜிம்முக்கு முதல் நாள் போகிற ஒருவனைப் பற்றி ஒரு நிமிடம் ஐம்பது நொடிக்கு வீடியோ எடுத்திருக்கிறேன். அவன் வாய்விட்டு அதிகம் பேசமாட்டான். மனதில் ஓடுவது மட்டும் கீழே சப்டைட்டிலாக வரும். மொத்தம் 38 வரிகள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் "இது படம் பார்க்கவா, படிக்கவா?" என்று கேட்டுவிட்டான். வரிகளைப் பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழிலா? பேசாமல் பின்னணிக் குரலாகவே மாற்றிவிடலாமா? வரிகளின் பட்டியலையும் வீடியோவையும் இணைத்திருக்கிறேன். சப்டைட்டில் வேலை செய்கிறவர் என்ற முறையில் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதில்:

வீடியோவை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை சப்டைட்டிலோடு. இரண்டாம் முறை கீழ்ப்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு. மூன்றாம் முறை பட்டியலை மட்டும் தனியாகப் படித்துவிட்டு. கையால் மறைத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் நடிகருக்கு நல்ல முகம். அந்த முகத்தைப் பார்க்க விடாமல் எழுத்து குறுக்கே நிற்கிறது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 110 நொடிக்கு 38 வரி என்றால் மூன்று நொடிக்கும் குறைவாக ஒரு வரி வருகிறது. ஒன்று போகும்போதே அடுத்தது வந்து நிற்கிறது. பார்க்கிறவர் கண் கீழேயே தங்கிவிடும், முகத்துக்கு ஏறவே ஏறாது. பேச்சுக்குப் போடும் சப்டைட்டில் என்றால் வேறு வழியில்லை, ஆள் பேசினால் நாம் போட்டுத்தான் ஆக வேண்டும். நினைப்பு வரிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எப்போது வர வேண்டும், வரவே வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

முதலில் வரிகளைப் பார்ப்போம். முதல் ஏழு வரிகளில் இருந்து நான்கு: "இன்றுதான் ஜிம்மில் என் முதல் நாள்." "ரொம்பப் பதற்றமா இருக்கு." "எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க." "ஐயோ, ரொம்ப வெயிட்டா இருக்கே!" இவற்றில் முதலாவது நினைப்பே இல்லை. இன்று முதல் நாள் என்று யாரும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில்லை, அது கடிதத்தில் எழுதுகிற வாக்கியம். இரண்டாவதும் நான்காவதும் முகத்திலேயே இருக்கின்றன. நடிகர் பதறுகிறார், கீழே "பதற்றமா இருக்கு" என்று வருகிறது. படத்தில் தெரிவதை எழுத்து திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

மூன்றாவது வரியில் விஷயம் இருக்கிறது. ஆனால் பொதுவாக நின்றுவிட்டது. உங்கள் ஷாட்டில் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து டம்பெல் தூக்குகிறார். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மூச்சை "ஹ்ஹு" என்று வெளியே விடுகிறார். எடை தூக்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விடுவார்கள், பளு மேலே போகும்போது மூச்சு வெளியே வரும். நம் ஆள் உள்ளே நுழைகிற அதே நேரத்தில் அவர் மூச்சு விடுகிறார். நம் ஆள் திரும்பிப் பார்க்கிறான். அங்கே இப்படிப் போடுங்கள்: "என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுறார்." பார்க்கிறவருக்கு உண்மை தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது.

உங்கள் பட்டியல் முழுவதையும் இந்த ஒரு கேள்வியால் சலித்தேன்: இந்த வரி நடப்பதை விவரிக்கிறதா, இல்லை நடப்பதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறதா? விவரிக்கிற வரிகளை எல்லாம் அடித்தேன். 38-ல் 23 போயிற்று. மிச்சம் 15. அதிலும் மூன்று, மற்ற வரிகளில் ஏற்கெனவே இருக்கிற நகைச்சுவையையே வேறு வார்த்தையில் சொல்கின்றன. ஆக 12 வரி. 110 நொடிக்கு 12 தாராளம்.

இப்போது நடுக்காட்சிக்கு வருகிறேன். வீடியோவில் அதுதான் உயிர். லாட் புல்டவுன் மிஷினில் அவன் உட்காருகிறான், முட்டியைப் பஞ்சு உருளைக்குக் கீழே நுழைக்கிறான், தலைக்கு மேலே தொங்கும் கம்பியைப் பிடித்து இழுக்கிறான். அசையவில்லை. நீங்கள் அங்கே அடுத்தடுத்து ஐந்து வரி போட்டிருக்கிறீர்கள். அவற்றில் நீளமானது "இந்த மிஷினை எப்படி உபயோகிக்கிறதுன்னு யாராவது சொல்லித் தந்தா நல்லா இருக்கும்."

எனக்குத் தோன்றும் அமைப்பு இது. அவன் உட்காருவதற்கு முன்னால், எடைத்தட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்தை ஒரு நொடி கிட்டத்தில் காட்டுங்கள். எத்தனை தட்டு மேலே வர வேண்டும் என்று தீர்மானிக்கிற இரும்புப் பின், கீழே கிட்டத்தட்ட கடைசித் துளையில் செருகியிருக்கிறது. அதாவது இதற்கு முன் உட்கார்ந்திருந்தவர் வைத்துவிட்டுப் போன எடை. ஜிம்மில் தினமும் நடக்கிற விஷயம் இது, புதிதாக வருகிறவர் மட்டும் கவனிக்கமாட்டார். இந்த ஷாட்டுக்கு எழுத்து வேண்டாம். ஜிம் பக்கமே போகாத பார்வையாளருக்கும் 'கீழே செருகியிருக்கிறது, மேலே நிறைய தட்டுகள் இருக்கின்றன' என்ற அளவுக்குக் கண்ணில் பட்டால் போதும்.

அவன் இழுக்கிறான், அசையவில்லை. இங்கேயும் எழுத்து வேண்டாம். இரண்டாவது முறை முழு உடம்பையும் போட்டு இழுக்கிறான். எடை அவன் உடம்பு எடையைவிட அதிகமாக இருந்து, முட்டிக்கு மேல் இருக்கும் உருளை உயரமாக விடப்பட்டிருந்தால், கம்பி கீழே வராது. ஆள்தான் இருக்கையை விட்டு மேலே போவான். இது நிஜமாகவே நடக்கும், நீங்களும் அதை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த நேரத்தில் கீழே ஒரு நீள வாக்கியம் ஓடுவதால், அவன் இருக்கையிலிருந்து எழும்புவதை என் கண் முதல் முறை தவறவிட்டது. வீடியோவின் மிகச் சிறந்த நொடி அது. அங்கே எழுத்து வைப்பது பாவம்.

அவன் திரும்ப உட்காருகிறான். கம்பியைப் பார்க்கிறான். சுற்றிலும் பார்க்கிறான். முகம் சாதாரணமாகிறது. இப்போது வரி வருகிறது: "பூட்டி வச்சிருக்காங்க போல."

அவனுக்கு அவமானம் இல்லை, வலியும் இல்லை. ஒரு விளக்கம் கிடைத்துவிட்ட நிம்மதி. தப்பான விளக்கம், ஆனால் அவன் அறிவுக்கு எட்டியவரை நியாயமானது. பிறகு ட்ரெயினர் வருகிறார், ஒன்றும் பேசாமல் பின்னை உருவி மேலிருந்து இரண்டாவது துளையில் செருகிவிட்டுப் போகிறார். அவன் இழுக்கிறான், கம்பி வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. முகம். அப்புறம்: "சாவி இருந்திருக்கு."

ஐந்து வரி இருந்த இடத்தில் இரண்டே வரி. இரண்டாவது வரி முதல் வரியின் தப்பை வைத்தே மேலே போகிறது. அவன் கடைசிவரை தப்பை உணரவில்லை. உணர்ந்து "ஓ, வெயிட் அதிகமா இருந்ததா" என்று நினைத்தால் காட்சி அங்கேயே செத்துவிடும்.

நேரக்கணக்கு இப்படி வரும்:

```
7
00:00:46,400 --> 00:00:48,600
பூட்டி வச்சிருக்காங்க போல

8
00:00:58,200 --> 00:01:00,000
சாவி இருந்திருக்கு
```

நடுவில் ஒன்பதரை நொடிக்கு மேல் திரையில் எழுத்தே இல்லை. பயப்படாதீர்கள். அந்த ஒன்பது நொடியில் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்.

அந்த நொடிகளை எப்படிப் பிடித்தேன் என்று கேட்பீர்கள். ஆங்கில சப்டைட்டிலில் நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை என்று கணக்கு வைப்பார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது. நம் வார்த்தை ஒட்டி ஒட்டி நீளும். "வச்சிருக்காங்க" ஒரே வார்த்தை, ஆனால் எட்டு எழுத்து. அதனால் நான் எழுத்தைத்தான் எண்ணுவேன். புள்ளி எழுத்தும் ஒன்று, உயிர்மெய்யும் ஒன்று. மென்பொருள் காட்டும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அது 'க்' என்பதை இரண்டாக எண்ணும், ஏனென்றால் கணினிக்குள் ககரமும் புள்ளியும் தனித்தனி. ஒரு நொடிக்குப் பத்து எழுத்து என்பது என் கைக்கணக்கு. அதற்கு மேல் ஒரு நொடியில் ஒரு துளி குறைவாக, 0.9 நொடி கூட்டிக்கொள்வேன். கண் முகத்திலிருந்து கீழே இறங்க ஒரு பாதி, திரும்ப ஏற ஒரு பாதி. "பூட்டி வச்சிருக்காங்க போல" 13 எழுத்து, ஆகவே 1.3 நொடியும் 0.9-ம் சேர்ந்து 2.2 நொடி. உங்கள் "இந்த மிஷினை எப்படி உபயோகிக்கிறதுன்னு" வரி 39 எழுத்து, கிட்டத்தட்ட ஐந்து நொடி வேண்டும். நீங்கள் கொடுத்திருப்பது இரண்டு. உங்கள் நண்பர் கோபப்பட்டதில் தப்பில்லை.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைவிட எப்போது வர வேண்டும் என்பதுதான் கஷ்டம். உங்கள் வீடியோவில் எல்லா வரியும் முகம் மாறுவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நானும் ஆரம்பத்தில் இதே தப்பைச் செய்தவன்தான். ஒரு குறும்படத்தில் நினைப்பு வரியை ஷாட் தொடங்கும் இடத்திலேயே வைத்துவிட்டேன், டைம்லைனில் பார்க்க ஒழுங்காக இருந்தது. திரையிடலில் அரங்கம் சிரித்தது, ஆனால் நடிகரின் முகம் மாறுவதற்கு முன்னால். முகம் மாறியபோது சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது, அவர் நடிப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. நடிகர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம். முகம் மாறத் தொடங்கும் ஃப்ரேமைக் கண்டுபிடிப்பேன். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் தள்ளி, அதாவது நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோ என்றால் கிட்டத்தட்ட அரை நொடி கழித்து, வரியை வைப்பேன். பார்க்கிறவருக்கு 'இவனுக்கு என்னவோ தோன்றிவிட்டது, என்ன அது?' என்று ஒரு கணம் வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுத்து வர வேண்டும். போகும்போது அந்த ஷாட் முடிவதற்குள் போய்விட வேண்டும். நினைப்பு அந்த முகத்துக்குச் சொந்தம். ஷாட் மாறி ட்ரெயினரின் முகம் வந்த பிறகும் எழுத்து நின்றால், ட்ரெயினர் நினைப்பதாக ஆகிவிடும். உங்கள் வீடியோவில் 31-வது நொடியில் இதுதான் நடக்கிறது.

டிரெட்மில் காட்சியில் இது எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். பட்டனை அழுத்தியதும் பல மிஷின்களில் திரையில் 3, 2, 1 என்று எண்ணும். நம் ஆள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான், ஓடத் தயாராகக் குனிகிறான். பெல்ட் ஆமை வேகத்தில் நகரத் தொடங்குகிறது. நீங்கள் எண்ணும்போதே "பயமா இருக்கே" என்று போட்டுவிட்டீர்கள். அதை எடுத்துவிடுங்கள். மிஷின் தானே எண்ணிக்கொள்ளட்டும், அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த தாளம். பெல்ட் நகர்ந்து, அவன் இரண்டு அடி நடந்து, நிமிர்ந்த பிறகு வரட்டும்: "இதுக்கா எண்ணினாங்க."

இன்னொரு வகை வரிக்கும் இடம் உண்டு, வாய் ஒன்று சொல்ல மனது வேறு சொல்வது. இந்த உத்தி பழையது. 1977-ல் வந்த 'ஆனி ஹால்' படத்தில் இருவர் பால்கனியில் நின்று புகைப்படக் கலையைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள், கீழே அவரவர் கவலை வேறாக ஓடும். அங்கே பேச்சும் எழுத்தும் ஒரே நேரத்தில் வருவதால் வரிகள் மிகச் சிறியவை. உங்கள் வீடியோவில் ட்ரெயினர் "முதல் தடவையா?" என்று கேட்கிறார். அவன் "இல்ல மாஸ்டர், நடுவுல கொஞ்ச நாள் விட்டுட்டேன்" என்கிறான். நீங்கள் இதற்குக் கீழே "பொய் சொல்லிட்டேன்" என்று போட்டிருக்கிறீர்கள். பொய் என்று பார்க்கிறவருக்கே தெரியும். அந்தப் பேச்சின் வாக்கியத்தையே மனது முடித்து வைத்தால்? "பொறந்ததுல இருந்து."

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்று கேட்டீர்கள். பேச்சுத் தமிழ்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சுத் தமிழ் என்றதும் "நான் இப்ப என்ன பண்றேன்னா" என்று எழுத வேண்டாம். அது யாருக்கோ விளக்குவது. நினைப்புக்கு எதிரில் ஆள் கிடையாது. 'நான்' எடுத்துவிடலாம், வினைமுற்றிலேயே ஆள் தெரிகிறான். மனது தன்னிடம் பேசும்போது ஏவலாகப் பேசும்: "சொல்லிடு." "விடாதே." "திரும்பிப் பார்க்காதே."

தமிழில் எழுதுவதால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி ஒன்றை நீங்கள் தொடவே இல்லை. மரியாதைதான். நாம் வாயால் "வாங்க, சொல்லுங்க" என்போம், உள்ளே "வந்துட்டான்" என்போம். உங்கள் ஆள் வாய்விட்டுப் பேசும்போது ட்ரெயினர் எப்போதும் "மாஸ்டர்" தான். மனதில் அவர் யார்? உங்கள் பட்டியலில் அங்கேயும் "மாஸ்டர்" என்றே இருக்கிறது. அதை மாற்றினால் ஒரு கதையே கிடைக்கும்.

முதலில் பார்க்கும்போது "இந்த ஆள் ஏன் என்கிட்ட வரான்." பின்னை மாற்றிக் கொடுத்த பிறகு, "நல்ல மனுஷன்." பிறகு ட்ரெயினர் பக்கத்தில் நின்று எண்ணத் தொடங்குகிறார். "பத்து... பதினொன்று... லாஸ்ட் ஒன்." அவன் இழுக்கிறான். "இன்னொரு லாஸ்ட் ஒன்." இழுக்கிறான். "கடைசியா ஒண்ணே ஒண்ணு." இங்கே "எவன்டா இவனுக்குக் கணக்கு சொல்லித் தந்தது." முடிந்ததும் ட்ரெயினர் முதுகில் தட்டி "முதல் நாளைக்கு இது நல்லா இருக்கு" என்கிறார். மனதில்: "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஆள், மனுஷன், இவன், அண்ணன் என்று நான்கு வரியில் ஒரு உறவு ஏறி இறங்கி ஏறுகிறது. வேறு எதுவும் விளக்க வேண்டாம். அவன் வாயில் மட்டும் கடைசிவரை "மாஸ்டர்" மாறாமல் இருக்கட்டும். முதல் வரி வரும்போது கேமரா அவன் முகத்தில் இருக்க வேண்டும், நடந்து வரும் ட்ரெயினர் மேல் அல்ல. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுகிற இடத்தில் இன்னொன்று. மூச்சு வாங்க வாங்க நினைப்பும் சுருங்கும். முதல் இரண்டு மூன்று தடவை இழுக்கும்போது முழு வாக்கியம் நினைக்கலாம். பத்தாவது தடவையில் யாருக்கும் வாக்கியம் வராது, வார்த்தைதான் வரும். நீங்கள் பன்னிரண்டாவது தடவையில் இரண்டு வரி நீளத்துக்குத் தத்துவம் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வரியைக்கூட அவன் கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்போது போடாதீர்கள். "ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டதும் கை நிற்கும் பாருங்கள், அந்த நிறுத்தத்தில் போடுங்கள்.

கம்பி காட்சியைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. தட்டு எதுவும் மாட்டாத நீளக் கம்பியை அவன் அலட்சியமாகத் தூக்கப் போய்த் தடுமாறுகிறான், கீழே "வெறும் கம்பிக்கே இப்படியா" என்று வருகிறது. ஜிம்முக்குப் போகிறவர்களுக்குச் சிரிப்பு வரும், அந்த ஒலிம்பிக் கம்பி ஒன்றே 20 கிலோ என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நடிகர் மிகையாக நடிப்பதாகத்தான் தோன்றும். காட்சிக்கு முன்னால் யாராவது வாய்விட்டு "கம்பியே இருபது கிலோ" என்று சொல்லிவிட வேண்டும், நம் ஆள் அதைக் கேட்காத மாதிரி. இடமில்லையென்றால் காட்சியை எடுத்துவிடுங்கள். நான் எடுத்துவிடுவேன்.

பின்னணிக் குரல் வேண்டாம். குரல் வந்தால் எடைத்தட்டு 'டங்' என்று விழும் சத்தம், ட்ரெயினரின் எண்ணிக்கை, பெரியவரின் மூச்சு எல்லாம் அதன் கீழே போய்விடும். உங்கள் நகைச்சுவைகளில் பாதி அந்தச் சத்தங்களின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அதனாலேயே ஒரு சிக்கலும் உண்டு. போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு ட்ரெயினர் சொன்னது தெரியாது, மனது சொல்வது மட்டும் தெரியும். "பொறந்ததுல இருந்து" என்றால் அவருக்கு என்ன புரியும்? காது கேளாதவருக்கும் இதே கதைதான். எனவே வாய்விட்டுப் பேசுகிற அந்த ஏழெட்டு வாக்கியங்களுக்கும் எழுத்து போடுங்கள், ஆனால் வேறு தோற்றத்தில். பேச்சு வெள்ளையில் கீழே, நினைப்பு வெளிர் மஞ்சளில் முகத்துக்குச் சற்றுக் கீழே. எந்த நிறம் என்பது முக்கியமில்லை, நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் நிற்கவும் வேண்டாம்: பேச்சு எழுத்து போன பிறகுதான் நினைப்பு வர வேண்டும். நிற்க வைத்து எடுத்த வீடியோவில் அடிப்பகுதியில் செயலியின் பட்டன்களும் பெயரும் வந்து உட்காரும், ஆகவே கீழே ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவிடுங்கள்.

நினைப்பைக் காட்டச் சாய்வெழுத்து போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது வழக்கம், தமிழில் பொருந்துவதில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்கு உண்மையான சாய்வு வடிவம் கிடையாது, மென்பொருள் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது. 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் நசுங்கி, புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காருகிறது. தடிமனான கறுப்பு ஓரமும் அப்படித்தான், சுழிக்குள் நிரம்பிவிடும். ஜிம்மில் கண்ணாடியும் விளக்குமாகப் பின்னணி வேறு கலவரமாக இருக்கிறது. நேரெழுத்து, நடுத்தரத் தடிமன், பின்னால் பாதி தெரியும் கறுப்புப் பட்டை. போதும்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவது போல வரும் அந்த அனிமேஷனையும் எடுத்துவிடுங்கள். சில செயலிகளில் முதலில் 'ப' வந்து, பிறகு அது 'பூ' ஆகிறது. 'ட' வந்து 'ட்' ஆகிறது. வரி நடுங்கிக்கொண்டே வருகிறது. அதைவிட, "பூட்டி" என்பது மட்டும் தெரிந்த நேரத்திலேயே பார்க்கிறவர் மீதியை ஊகித்துவிடுவார். வரி ஒரே அடியாக வந்து ஒரே அடியாகப் போக வேண்டும்.

நினைப்பு வரிகளை வீடியோவிலேயே பதித்துவிடுங்கள். தனிக் கோப்பாகக் கொடுத்தால் சப்டைட்டிலை அணைத்து வைத்திருப்பவருக்குக் கதையே போய்விடும். பதிப்பதற்கு முன் எழுத்தில்லாத பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு மொழியில் போட வேண்டுமென்றால் தமிழுக்கு மேலே இன்னொரு மொழியை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பின்னால் உடற்பயிற்சி செய்கிற இரண்டு பேரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர்களிடம் கேட்டீர்களா? கேட்கவில்லையென்றால் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

கடைசிக் காட்சி. அவன் ஜிம்மை விட்டு வெளியே வரும்போதே "உடம்பெல்லாம் வலிக்குதே" என்று நொண்டுகிறான். உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. முதல் நாள் பயிற்சி முடிந்ததும் கை நடுங்கும், களைப்பு இருக்கும், ஆனால் அந்தப் பெயர்போன தசைவலி அப்போது வராது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் தலைகாட்டும், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். முதல் முறை போகிறவர் யாருக்கும் இது தெரியாது. வெளியே வரும்போது உண்மையில் ஒருவிதக் கர்வம்தான் இருக்கும்.

அதனால் அவனை நிமிர்ந்து நடக்க விடுங்கள். கண்ணாடிக் கதவில் தன் உருவத்தைப் பார்த்துக்கொள்கிறான், தோளை லேசாக விரிக்கிறான். அரை நொடி. "ஒண்ணுமே வலிக்கலையே." அந்த வரி போனதும் நேராக மறுநாள் காலை. பல் துலக்க பிரஷ்ஷைப் பிடித்திருக்கிறான். கை நெஞ்சுவரை வருகிறது, அதற்கு மேல் ஏறவில்லை. தலையைக் குனிந்து பிரஷ்ஷுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறான். கண்ணாடியில் தன்னையே பார்க்கிறான். முகம் மாறுகிறது.

இதுவரை பதினொரு தடவை முகம் மாறி அரை நொடியில் எழுத்து வந்து பழகியவர்கள் கீழே பார்ப்பார்கள். அங்கே மஞ்சளில் ஒரு வார்த்தையும் வர வேண்டாம். இரண்டு நொடி அப்படியே விட்டுவிட்டு வெட்டுங்கள். பன்னிரண்டாவது வரிக்கு நான் வைத்திருந்த இடம் அதுதான்.